ஹாஸ்டல், பி.ஜி. வைஃபையில் உங்கள் அறைக்கு மட்டும் தனி நெட்வொர்க்: ரவுட்டரை எப்படி இணைப்பது? எங்கே தவறு நடக்கும்?

சென்னை துரைப்பாக்கத்தில் ஒரு லேடீஸ் பி.ஜி. என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாடி, மாடிக்கு எட்டு அறை. ரிசப்ஷன் சுவரில் வைஃபை பாஸ்வேர்டு ஒட்டியிருக்கிறது. 304-ம் அறையில் இருக்கும் ஐ.டி. ஊழியர் ஒருவர், சம்பளம் வந்ததும் டி.வி.யில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று வாங்கி மாட்டுகிறார். இரவு பத்தரை மணிக்கு படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென படம் நின்று, வேறு யாரோ ஒருவருடைய யூடியூப் பாட்டு ஓடத் தொடங்குகிறது.

ஹேக்கிங் எதுவும் நடக்கவில்லை. 207-ல் இருக்கும் ஒருவர் தன் போனில் 'Cast' பட்டனைத் தொட்டிருக்கிறார். பட்டியலில் வந்த முதல் டி.வி. இவருடையது. அவ்வளவுதான்.

பாட்டு ஓடினால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அதே வழியில் லேப்டாப்பில் ஷேர் செய்து வைத்த ஃபோல்டர், அறையில் வைத்த வைஃபை கேமரா, பிரிண்டர் எல்லாமே மற்ற 31 அறைகளின் கண்ணிலும் படலாம். அதைத் தடுக்க பலரும் சொல்லும் வழி, சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கி வைத்துக்கொள்வது. வழி சரிதான். ஆனால் கேபிளை ஒரு ஓட்டை தள்ளிச் செருகிவிட்டால் மாடி முழுக்க நெட் போய்விடும். மோடை மாற்றிப் போட்டால், தனி நெட்வொர்க் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது தனியாகவே இருக்காது. அதை விரிவாகப் பார்க்கலாம்.

பக்கத்து அறைக்கு உங்கள் டி.வி. ஏன் தெரிகிறது?

வைஃபை பாஸ்வேர்டு என்பது கட்டடத்துக்குள் நுழையும் வாசல் சாவி மாதிரி. உள்ளே வந்தபிறகு அறைகளுக்குக் கதவு கிடையாது. வீட்டில் பயன்படுத்தும் சாதாரண ரவுட்டர்களின் வடிவமைப்பே இதுதான். ஒரே நெட்வொர்க்கில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே குடும்பம் என்று அது நம்புகிறது. அதனால்தான் வீட்டில் உங்கள் போன் உடனே டி.வி.யைக் கண்டுபிடிக்கிறது, பிரிண்டரைக் கண்டுபிடிக்கிறது. பி.ஜி.யில் அதே வசதி வினையாகிவிடுகிறது.

சில விடுதிகளில் இதற்கு நேர்மாறான பிரச்னை இருக்கும். நிர்வாகம் ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி அமைத்திருக்கும். 'AP Isolation' அல்லது 'Client Isolation' என்று அந்த அமைப்புக்குப் பெயர். பாதுகாப்பு நல்லதுதான், ஆனால் உங்கள் போனுக்கு உங்கள் டி.வி.யே தெரியாது. இரண்டு பிரச்னைக்கும் தனி ரவுட்டர்தான் மருந்து.

ரவுட்டர் நடுவில் வந்தால் என்ன மாறும்?

ரவுட்டர் வைப்பது, 304-க்கு ஒரு கதவு போடுவது மாதிரி. விடுதியின் நெட்வொர்க் உங்கள் ரவுட்டருக்கு ஒரு ஐ.பி. முகவரி கொடுக்கும். அறைக்குள் இருக்கும் போன், லேப்டாப், டி.வி. எல்லாவற்றுக்கும் உங்கள் ரவுட்டர் தனியாக வேறு முகவரிகள் கொடுக்கும். வெளியே போகும் எல்லாமே ரவுட்டரின் ஒரே முகவரியில்தான் போகும். பதில் வரும்போது எது யாருக்கு என்று பார்த்துப் பிரித்துக் கொடுப்பதும் அதே ரவுட்டர்தான்.

இதனால் 207-ல் இருப்பவருடைய போனுக்கு 304-ல் ஒரே ஒரு சாதனம் மட்டும் தெரியும். அதற்குப் பின்னால் டி.வி. இருக்கிறதா, கேமரா இருக்கிறதா என்று தெரியாது. உள்ளிருந்து யாரும் கேட்காத ஒரு விஷயம் வெளியிலிருந்து தானாக வந்தால், ரவுட்டர் அதைக் கதவுக்கு வெளியிலேயே விட்டுவிடும்.

இந்தக் கதவு ஒருவழிக் கதவு என்பதைக் கவனிக்க வேண்டும். வெளியே இருப்பவர் உங்களைப் பார்க்க முடியாது. ஆனால் உள்ளே இருக்கும் நீங்கள் விடுதியின் பிரிண்டரின் முகவரியை டைப் செய்தால் அது திறக்கும். அதனால் ரூம்மேட்டின் தோழிக்கு உங்கள் வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்தால், அவர் கதவுக்கு உள்ளே வந்துவிட்டார் என்று அர்த்தம்.

வாங்கும் முன் செய்ய வேண்டிய இரண்டு வேலைகள்

முதல் வேலை, ஓனரிடமோ வார்டனிடமோ கேட்பது. பல கல்லூரி விடுதிகளில் மாணவர்கள் சொந்த ரவுட்டர் வைக்கத் தடை இருக்கிறது. விதிமுறைத் தாளிலேயே எழுதியிருப்பார்கள். தனியார் பி.ஜி.க்களில் பெரும்பாலும் எழுத்தில் எதுவும் இருக்காது. ஆனால் 'ஒரு லாகினுக்கு இரண்டு சாதனம்' என்று கணக்கு வைத்திருந்தால், ரவுட்டர் அந்தக் கணக்கை ஏமாற்றுவது போல ஆகிவிடும். ஏனென்றால் உள்ளே ஐந்து சாதனம் இருந்தாலும் வெளியே ஒன்றாகத்தான் தெரியும். முன்கூட்டியே ஒரு வாட்ஸ்அப் மெசேஜில் கேட்டு, 'சரி' என்ற பதிலை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பின்னாடி மாடியில் எப்போது நெட் போனாலும் முதல் சந்தேகம் ரவுட்டர் வைத்திருப்பவர் மேல்தான் வரும்.

இரண்டாவது வேலை, அறைச் சுவரில் லேன் பாயின்ட் இருக்கிறதா என்று பார்ப்பது. பழைய போன் வயர் செருகும் ஓட்டையைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கும். கட்டிலுக்குப் பின்னால், மேஜைக்கு அடியில் என்று எங்காவது ஒளிந்திருக்கும். இருந்தால், ஒரு லேன் கேபிளை லேப்டாப்பில் செருகி, வைஃபையை அணைத்துவிட்டு நெட் வருகிறதா பாருங்கள். வந்தால் ரவுட்டருக்கும் வரும். பாயின்ட் இருந்தும் நெட் வரவில்லை என்றால் கீழே இருக்கும் ஸ்விட்ச் பெட்டியில் அந்த வயர் இணைக்கப்படாமல் இருக்கலாம். ஓனரைத்தான் கேட்க வேண்டும்.

பாயின்ட்டே இல்லையா? அதற்கும் வழி இருக்கிறது. ஆனால் அதற்கு எல்லா ரவுட்டரும் ஆகாது. அதைக் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம்.

எந்த ஓட்டையில் கேபிள்?

சுமார் 1,000 ரூபாயிலிருந்து கிடைக்கும் சாதாரண ரவுட்டரே ஓர் அறைக்குப் போதும். பின்னால் திருப்பினால் நான்கைந்து ஓட்டைகள் இருக்கும். ஒன்று மட்டும் தனி நிறத்தில், பெரும்பாலும் நீலத்தில், கொஞ்சம் விலகி இருக்கும். அதில் 'WAN' அல்லது 'Internet' என்று எழுதியிருக்கும். மற்றவை 'LAN'.

சுவரிலிருந்து வரும் கேபிள் WAN ஓட்டையில்தான் போக வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றிச் செருகினால் என்ன ஆகும்? நம் 304 பெண்ணுக்கு அதுதான் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு பதினொரு மணிக்கு ரவுட்டரைப் பிரித்து, கைக்குக் கிடைத்த LAN ஓட்டையில் கேபிளைச் செருகுகிறார். நெட் வரவில்லை. 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று அப்படியே விட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறார்.

ஆனால் ரவுட்டர் தூங்கவில்லை. LAN பக்கம் யார் வந்து 'எனக்கு ஒரு ஐ.பி. முகவரி கொடு' என்று கேட்டாலும் கொடுப்பதுதான் அதன் வேலை. டி.எச்.சி.பி. என்று அந்த வேலைக்குப் பெயர். இப்போது அதன் LAN பக்கம் முழு பி.ஜி.யும் இணைந்திருக்கிறது. விடுதியின் மெயின் ரவுட்டரும் முகவரி கொடுக்கிறது, 304-ன் ரவுட்டரும் கொடுக்கிறது. யாருடைய பதில் முதலில் போய்ச் சேருகிறதோ, அதைத்தான் போன் எடுத்துக்கொள்ளும். 304-லிருந்து முகவரி வாங்கிய போன், 'வெளியே போகும் வழி 304-ன் ரவுட்டர்தான்' என்று நம்பிவிடும். அந்த ரவுட்டருக்கோ வெளியே போக வழியே இல்லை. போனில் வைஃபை சின்னம் முழுசாக இருக்கும். 'Connected, no internet' என்று காட்டும்.

இதில் குழப்பமான விஷயம், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நெட் போகாது. ஏற்கெனவே சரியான முகவரி வாங்கி வைத்திருக்கும் போன்கள் அதன் காலக்கெடு முடியும்வரை நன்றாகவே ஓடும். புதிதாக வந்து இணைபவர்கள்தான் முதலில் மாட்டுவார்கள். அதாவது நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வருபவர்கள், ஊரிலிருந்து திரும்புபவர்கள். 'எனக்கு வருதே, உனக்கு மட்டும் ஏன் வரல?' என்று ஒரு நாள் முழுக்க போனைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஓனர் மெயின் ரவுட்டரை அணைத்துப் போட்டால் எல்லாருமே புதிதாக முகவரி கேட்பார்கள். அப்போது பிரச்னை இன்னும் பரவும்.

உங்கள் பி.ஜி.யில் இப்படி நெட் போனால் கண்டுபிடிப்பது எளிது. நெட் வரும் போன் ஒன்று, வராத போன் ஒன்று எடுங்கள். இரண்டிலும் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் செட்டிங்ஸ் சின்னத்தைத் தொட்டு, 'Gateway' அல்லது 'Router' என்ற இடத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். நம் உதாரணத்தில் ஒன்றில் 192.168.1.1 என்றும், இன்னொன்றில் 192.168.0.1 என்றும் இருக்கும். எண் வேறுபட்டால், யாரோ ஓர் அறையில் ரவுட்டரைத் தப்பாகச் செருகியிருக்கிறார்கள். நெட் வராத போனின் பிரவுசரில் அந்த எண்ணையே டைப் செய்தால், அந்த ரவுட்டரின் லாகின் பக்கம் கம்பெனி பெயரோடு திறக்கும். பிறகு, 'யார் அறையில் இந்தக் கம்பெனி ரவுட்டர் இருக்கு?' என்று பி.ஜி. வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கேள்வி கேட்டாலே போதும்.

பெரிய கல்லூரி விடுதிகளில் இதைக் கண்டுபிடித்து, அந்த அறையின் இணைப்பை மட்டும் தானாகவே துண்டிக்கும் ஸ்விட்ச்கள் இருக்கும். திடீரென உங்கள் சுவர் பாயின்ட் மட்டும் செத்துப்போனால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரியாக இணைப்பது எப்படி?

மறுநாள் 304 பெண் கேபிளை எடுத்து நீல நிற WAN ஓட்டையில் செருகுகிறார். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வைஃபை பெயர், பாஸ்வேர்டு, செட்டிங்ஸ் பக்கத்தின் முகவரி மூன்றும் இருக்கும். முகவரி 192.168.0.1 என்றோ tplinkwifi.net போலவோ இருக்கலாம். போனை அந்த வைஃபையில் இணைத்து, பிரவுசரில் அந்த முகவரியைத் திறக்க வேண்டும். 'இங்கே இன்டர்நெட் இல்லை, மொபைல் டேட்டாவுக்கு மாறவா?' என்று போன் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டால் இன்னும் நல்லது. இல்லையென்றால் செட்டிங்ஸ் பக்கம் திறக்காமல் அலைக்கழிக்கும்.

உள்ளே இணைப்பு வகை கேட்கும் இடத்தில் 'Dynamic IP' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டு ஃபைபர் இணைப்புக்கு சிலர் போடும் 'PPPoE' இங்கே வேலை செய்யாது. அது விடுதியின் மெயின் ரவுட்டருடைய வேலை. 'Operation Mode' என்று ஓர் இடம் இருந்தால் அது 'Router' என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 'Access Point' என்று இருந்தால் நெட் வரும், வேகமும் வரும், ஆனால் கதவு இருக்காது. உங்கள் டி.வி. மறுபடியும் 207-ன் பட்டியலில் போய் நிற்கும்.

பிறகு வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். பெயரில் அறை எண்ணையோ உங்கள் பெயரையோ வைக்காதீர்கள். தெருவில் நடந்து போகிறவருடைய போனிலும் அந்தப் பெயர் தெரியும். செட்டிங்ஸ் பக்கத்துக்கான பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு. இரண்டையும் மாற்றுங்கள். 'WPS' என்பதை அணைத்துவிடுங்கள்.

இரண்டு ரவுட்டரும் ஒரே எண்ணில் இருந்தால்?

நம் உதாரணத்தில் விடுதி ரவுட்டர் 192.168.1.1, அறை ரவுட்டர் 192.168.0.1. மூன்றாவது எண் வேறு, அதனால் சிக்கல் இல்லை. இரண்டுமே 192.168.0.1 ஆக இருந்தால், எது உள்ளே எது வெளியே என்று உங்கள் ரவுட்டருக்குப் புரியாது. எல்லாம் சரியாக இணைத்தும் நெட் வராமல் இருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். சில ரவுட்டர்கள் இதைத் தாமே கண்டுபிடித்து மாற்றிக்கொள்ளும். மாற்றாவிட்டால், செட்டிங்ஸில் 'LAN' பகுதிக்குப் போய் 192.168.50.1 என்பது போல வேறு எண் கொடுத்து சேவ் செய்யுங்கள். அதற்குப் பிறகு செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்கவும் அந்தப் புது எண்ணைத்தான் டைப் செய்ய வேண்டும்.

லாகின் பக்கம் வரும் விடுதி என்றால்?

பல இடங்களில் வைஃபையில் இணைந்ததும் ஒரு பக்கம் வரும். மொபைல் நம்பரோ யூசர் நேமோ கேட்கும். ரவுட்டர் வைத்தபிறகு அந்தப் பக்கத்தை ரவுட்டரால் நிரப்ப முடியாது, நீங்கள்தான் நிரப்ப வேண்டும். உங்கள் போனை உங்கள் ரவுட்டரின் வைஃபையில் இணைத்து பிரவுசரைத் திறந்தால் விடுதியின் லாகின் பக்கம் வந்து நிற்கும். வரவில்லை என்றால் http://neverssl.com என்று டைப் செய்யுங்கள். பூட்டுச் சின்னம் இல்லாத பக்கம் என்பதால், விடுதியின் அமைப்பு அதை இடைமறித்து லாகின் பக்கத்தைக் காட்டும். ஒருமுறை லாகின் செய்தால் விடுதியின் கணக்கில் 'அந்த ரவுட்டர் உள்ளே வந்துவிட்டது' என்று பதிவாகும். பிறகு அறையில் இருக்கும் டி.வி.க்கும் சேர்த்தே நெட் வரும். லாகின் பக்கத்தையே திறக்கத் தெரியாத டி.வி. ஸ்டிக், ஸ்மார்ட் ஸ்பீக்கர் போன்றவற்றுக்கு இதுதான் பெரிய லாபம்.

அந்த லாகின் உங்கள் பெயரில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். உங்கள் ரவுட்டர் வழியாக யார் என்ன செய்தாலும் விடுதியின் பதிவில் உங்கள் பெயர்தான் இருக்கும். ஏதாவது புகார் வந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இன்னும் சில விடுதிகளில் ஒவ்வொரு சாதனத்தின் மேக் முகவரியையும், அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணை, முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருப்பார்கள். ரவுட்டரின் எண் அடியில் இருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். அதைக் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்வதுதான் நேரான வழி. ரவுட்டரில் 'MAC Clone' என்று ஒரு வசதியும் இருக்கிறது. ஏற்கெனவே பதிவான உங்கள் லேப்டாப்பின் எண்ணை ரவுட்டர் போட்டுக்கொள்ளும். அப்படிச் செய்தால், அதே லேப்டாப்பை விடுதியின் நெட்வொர்க்கில் நேரடியாக இணைக்கக் கூடாது. ஒரே எண்ணில் இரண்டு கருவிகள் வந்தால் இரண்டுக்குமே நெட் விட்டு விட்டு வரும். விடுதியின் நெட்வொர்க்கை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகமும் வரும்.

லேன் பாயின்ட் இல்லாத அறைக்கு...

விடுதியின் வைஃபையை வாங்கி, அதற்குப் பின்னால் தனி நெட்வொர்க் உருவாக்கும் ரவுட்டர்களும் உண்டு. அந்த மோடுக்கு 'WISP' என்று பெயர். சில கம்பெனிகள் 'Hotspot Router' என்றும் எழுதும். வாங்கும்போது பெட்டியில் இந்த வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் பெரும்பாலும் 'ரிப்பீட்டர்' அல்லது 'எக்ஸ்டெண்டர்' எடுத்துக் கொடுப்பார்கள், 'ரெண்டும் ஒண்ணுதான்' என்பார்கள். ஒன்று இல்லை. ரிப்பீட்டர் விடுதியின் வைஃபையை நீட்டிக்கும், அவ்வளவுதான். கதவு போடாது. டி.வி. பிரச்னை அப்படியே இருக்கும்.

இந்த முறையில் இரண்டு குறைகள் இருக்கின்றன. ஒரே ரேடியோ வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும் என்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகலாம். 2.4 மற்றும் 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் இருக்கும் ரவுட்டர் என்றால், விடுதியிலிருந்து ஒன்றில் வாங்கி அறைக்கு இன்னொன்றில் கொடுக்கலாம். இரண்டாவது குறை கொஞ்சம் நுணுக்கமானது. உங்கள் ரவுட்டருக்கும் விடுதியின் வைஃபைக்கும் நடுவே இருக்கும் காற்றுவழி இணைப்பு, சுவரில் ஒட்டியிருக்கும் அதே பொது பாஸ்வேர்டில்தான் ஓடும். அந்த பாஸ்வேர்டு தெரிந்த, தொழில்நுட்பமும் தெரிந்த ஒருவர் நினைத்தால் அதை ஒட்டுக்கேட்க முடியும். வங்கி, வாட்ஸ்அப் போன்றவை தனியாக மறையாக்கம் செய்யப்படுவதால் உள்ளே இருப்பது தெரியாது. ஆனாலும் கேபிள் இருந்தால் கேபிள்தான் மேல்.

தனி நெட்வொர்க் ஆகிவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

304 பெண் செய்யும் சோதனை இது. தன் போனை அறை ரவுட்டரில் இணைத்து 'Gateway' எண்ணைப் பார்க்கிறார்: 192.168.0.1. பக்கத்து அறைத் தோழியின் போன் விடுதியின் வைஃபையில் இருக்கிறது: 192.168.1.1. எண்கள் வேறு, நல்ல அறிகுறி. பிறகு தோழியை யூடியூப் திறந்து 'Cast' பட்டனைத் தொடச் சொல்கிறார். 304-ன் டி.வி. பட்டியலில் வரவில்லை. தன் போனில் தொட்டால் வருகிறது. இரண்டும் நடந்தால்தான் வேலை முடிந்தது. டி.வி. ஸ்டிக்கை விடுதியின் வைஃபையிலிருந்து நீக்கி அறையின் வைஃபைக்கு மாற்ற மறந்துவிட்டால் இந்தச் சோதனையில் தெரிந்துவிடும். பலர் சறுக்குவது இங்கேதான்.

லேப்டாப் இருந்தால் விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து இதையும் பார்க்கலாம்:

```
tracert -d 8.8.8.8
```

முதல் வரியில் உங்கள் ரவுட்டரின் எண், இரண்டாவது வரியில் விடுதி ரவுட்டரின் எண் வர வேண்டும். முதல் வரியிலேயே விடுதியின் எண் வந்தால், நடுவில் கதவு இல்லை.

இது எதிலிருந்து காப்பாற்றாது?

சக அறைவாசிகளிடமிருந்து காப்பாற்றும். விடுதி நிர்வாகத்திடமிருந்து காப்பாற்றாது. உங்கள் டேட்டா எல்லாமே அவர்களுடைய மெயின் ரவுட்டர் வழியாகத்தான் போகிறது. எந்த மெசேஜ் அனுப்பினீர்கள், எந்த வீடியோ பார்த்தீர்கள் என்று தெரியாது. ஆனால் எந்த வெப்சைட்டுக்குப் போனீர்கள் என்பதை, நினைத்தால் அவர்களால் பார்க்க முடியும். அதை மறைக்க வி.பி.என். வேண்டும். அது வேறு கதை. விடுதி சில தளங்களைத் தடை செய்திருந்தால், ரவுட்டர் வைத்தாலும் அந்தத் தடை இருக்கும்.

நெட் வேகமும் கூடாது. விடுதி கொடுக்கும் வேகம் எவ்வளவோ அவ்வளவுதான். காரிடாரில் இருக்கும் வைஃபை எட்டாத மூலை அறை என்றால் மட்டும், கேபிள் வழியாக வரும் ரவுட்டரால் சிக்னல் நன்றாக இருக்கும்.

ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இரண்டு ரவுட்டர் இருப்பதை 'டபுள் நாட்' என்பார்கள். யூடியூப், வாட்ஸ்அப் கால், ஆபீஸ் மீட்டிங் எதிலும் வித்தியாசம் தெரியாது. ஆன்லைன் கேம் ஆடுபவர்களுக்கு 'Strict NAT' என்று வரலாம். நண்பர்களோடு ஒரே லாபியில் சேர முடியாமல் போகலாம். வெளியூரிலிருந்து அறையில் இருக்கும் கம்ப்யூட்டரை நேரடியாக அணுகவும் முடியாது. உங்கள் ரவுட்டரில் 'Port Forwarding' போட்டாலும் பலன் இல்லை, ஏனென்றால் விடுதியின் ரவுட்டர் அதை முதலிலேயே நிறுத்திவிடும்.

பக்கத்து அறைகளுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள். எட்டு அறையில் எட்டு ரவுட்டர் முழு பலத்தில் ஓடினால் யாருக்கும் வைஃபை சரியாக வராது. செட்டிங்ஸில் 'Transmit Power' என்பதை 'Low' வைத்தாலே ஓர் அறைக்குப் போதும். இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் பயன்படுத்துங்கள். அது சுவர் தாண்டிப் போவது குறைவு, உங்களுக்கும் நல்லது.

ரவுட்டர் வாங்க முடியவில்லை, அனுமதியும் இல்லை என்றால் லேப்டாப்பிலாவது ஒன்றைச் செய்யுங்கள். விண்டோஸில் விடுதியின் வைஃபைக்கான 'Network profile type' என்ற இடத்தில் 'Public network' என்று வையுங்கள். 'Private network' என்று இருந்தால்தான் மற்றவர்கள் கண்ணில் லேப்டாப் படும். பெயரைப் பார்த்து 'பிரைவேட்தானே பாதுகாப்பு' என்று மாற்றி வைத்திருப்பவர்கள் நிறைய பேர்.

அறையைக் காலி செய்யும் நாளில், ரவுட்டரைப் பெட்டியில் போடுவதற்கு முன் விடுதியின் லாகின் பக்கத்தில் லாக்-அவுட் செய்துவிட்டு, பதிவு செய்த மேக் முகவரியை நீக்கச் சொல்லுங்கள். ரவுட்டரை ஜூனியர் யாருக்காவது விற்பதாக இருந்தால், பின்னால் இருக்கும் 'Reset' ஓட்டையில் ஊசியால் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து எரிந்தால் உங்கள் பாஸ்வேர்டுகள் அழிந்துவிட்டன. வாங்குகிறவரிடம் கேபிளை நீல ஓட்டையில் செருகச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.